தனியறை யாருக்கு

பெண்கள் வார்டுக்குத் தலைமை நர்ஸாக இருந்தவளைப் பின்னால் எல்லோரும் 'கறார் சிஸ்டர்' என்றுதான் சொல்வார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கேட்டுச் சிரித்துக்கொண்டாளே தவிர, கறாரைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

அவள் ஒரு நாள் லீவு போட்டாள். அந்த ஒரு நாளில் வார்டின் ஒரே தனியறையை அவளுடைய நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டார் மருத்துவமனை சூப்பிரண்டு. பித்தப்பையை எடுத்து இரண்டு நாளான நாத்தனார், எழுந்து நடந்து, டீ ஆறிப்போனதற்கு ஆயாவைத் திட்டும் அளவுக்குத் தேறியிருந்தாள். "உங்க வீட்டு ஆளாச்சே சிஸ்டர், அதான்" என்று சூப்பிரண்டு பல்லெல்லாம் தெரியச் சொன்னார். அறை அப்போது வேறு யாருக்கும் தேவைப்படாததால் கறார் சிஸ்டரும் அப்போதைக்கு வாயை மூடிக்கொண்டாள்.

காலை ரவுண்ட்ஸ் முடிந்த கையோடு அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. தையல் வேலை செய்யும் பெண், அறுபது வயதிருக்கும். நெஞ்சுச் சளிக்கு வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறாள். இப்போது வயிறு தண்ணீராகப் போகிறது, பிரஷர் இறங்கிவிட்டது, நிற்க வைத்தால் தலை சுற்றுகிறது. அந்த மாத்திரைகளுக்குப் பின்னால் வரும், பிறருக்கும் பரவும் குடல் தொற்றாக இருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். மலப் பரிசோதனை முடிவு மறுநாள்தான் வரும்.

கறார் சிஸ்டர் வார்டை ஒரு முறை கண்ணால் அளந்தாள். காலியாக இருந்தவை இரண்டே கட்டில்கள். ஒன்று, புதிதாக ஆபரேஷன் ஆன இரண்டு பெண்களுக்கு நடுவில். இன்னொன்று கடைசி மூலையில். வார்டில் எல்லோருக்கும் ஒரே பொதுக் கழிப்பறை. கழிப்பறையோடு இருந்தது தனியறை ஒன்றுதான். அதில் நாத்தனார் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

அவள் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பயப்படத்தான் நிறைய இருந்தது. அவளும் கணவனும் மகளும் குடியிருந்தது நாத்தனாருடைய வீட்டு மாடியில். மகள் பள்ளிக்கூடம் எதிர்த் தெருவில். அந்த மாடியை விட்டால் இந்த ஊரில் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இருந்தும் நேராகத் தனியறைக்குள் போனாள்.

"அண்ணி, வெளியில கட்டில் போட்டிருக்கேன். வாங்க, மாறிக்கலாம்."

"எதுக்கு?"

"ஒருத்தங்க வர்றாங்க. தொத்திக்கிற நோயா இருக்கும்னு சந்தேகம். கதவும் தனி டாய்லெட்டும் இருக்கிற ரூம் இது ஒண்ணுதான்."

"யாரோ ஒருத்திக்காக என்னை எழுப்புறியா? பொது கக்கூஸுக்கு நான் போகணுமா? உன் புருஷனைக் கூப்பிடு."

கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. நாத்தனார் தானே தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். அடுத்த நிமிடம் கறார் சிஸ்டரின் போன் அலறியது. "அக்கா அழுவுறாங்க. ஒரு நாள் விட்டுக்கொடுத்தா என்ன? நாம இருக்கறது அவங்க வீட்ல, ஞாபகம் இருக்கா?" என்றான் கணவன்.

"இருக்கு. மறக்கத்தான் யாராவது விடுறாங்களா? வை போனை."

நாத்தனார் அடுத்து யாரைக் கூப்பிட்டாளோ, சூப்பிரண்டே படியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்க நின்று, குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் நடுவுல இருக்கிற கட்டில்ல போட்டு, சுத்தி ஒரு ஸ்க்ரீன் வைங்க. முடிஞ்சுது."

"ஸ்க்ரீன் பார்வையைத்தான் மறைக்கும் சார், கிருமியை மறைக்காது. ரெண்டு பக்கமும் படுத்திருக்கிறவங்களுக்கு ஆன்டிபயாட்டிக் ஓடிட்டிருக்கு. அவங்களுக்குத்தான் இது சுலபமா ஒட்டும். எல்லாரும் ஒரே டாய்லெட். நாளைக்கு ரிசல்ட் வரும்போது மூணு பேருக்கு வயிறு போயிட்டிருந்தா, நீங்க வந்து துடைப்பீங்களா?"

ஆயா சிரிப்பை அடக்க வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். சூப்பிரண்டு முகம் சிவந்தது. "தனியறையில போட்டா மட்டும்? தலை சுத்துற ஆளு. கதவைச் சாத்திட்டா விழுந்தாலும் யாருக்குத் தெரியும்?"

அது நியாயமான கேள்வி. போன் வந்ததிலிருந்து கறார் சிஸ்டரைக் குடைந்துகொண்டிருந்ததும் அதுதான். நர்ஸ் மேஜையிலிருந்து பார்த்தால் அந்த அறை தெரியாது. மூன்று நர்ஸ்கள் இருக்க வேண்டிய ஷிப்டில் அன்று இருந்தது இரண்டு பேர்.

"தெரியும் சார். கதவுக் கண்ணாடியில ஒட்டியிருக்கிற நோட்டீஸையெல்லாம் கிழிக்கிறேன். வெளியில ஒரு நாற்காலி போட்டு, எழுத்து வேலையை அங்கேயே வெச்சுக்குவா ஒரு நர்ஸ். கட்டிலைத் தரையோட இறக்கி, பெல்லைக் கையில கொடுத்துடுவோம். அந்த நர்ஸுக்கு இந்த ரூமும், தானா எழுந்து நடக்கிறவங்களும்தான். புது ஆபரேஷன் கேஸை அவ தொட மாட்டா, அதெல்லாம் இன்னொருத்திக்கு. ஆனா ஒண்ணு. மூலைக் கட்டிலுக்கு ஆள் அனுப்பாதீங்க."

"அது காலியாத்தானே இருக்கு?"

"கட்டில் காலி. பாத்துக்க ஆள் இல்லை. ஒரு நர்ஸ் அனுப்புங்க, அடுத்த நிமிஷம் விரிப்பு போடுறேன்."

"மேலிடத்துக்கு எழுதுவேன்."

"எழுதுங்க சார். என் பேரை மட்டும் தப்பில்லாம எழுதுங்க."

சூப்பிரண்டு வந்த வேகத்திலேயே இறங்கிப் போனார். கறார் சிஸ்டர் தனியறைக்குள் போய், கட்டில் சக்கரத்தின் பிரேக்கைக் காலால் தட்டிவிட்டாள்.

"என்ன பண்றே?"

"நடந்து வர்றீங்களா அண்ணி, இல்ல கட்டிலோட தள்ளிட்டுப் போகட்டுமா?"

நாத்தனார் எழுந்தாள். தலையணையைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று வார்டின் நடுவே நடந்து போய்ப் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தையல்காரப் பெண் வந்து சேர்ந்தாள். காய்ந்த உதடுகளோடு, "கட்டிலை நாறடிச்சிடுவேன்மா, தரையிலயே படுக்கட்டுமா?" என்று கேட்டாள். கறார் சிஸ்டர், "கட்டில் உங்களுக்குத்தான். படுங்க" என்று மட்டும் சொல்லி, ஏப்ரனும் கையுறையும் மாட்டி அவளைப் படுக்க வைத்து, டிரிப் போட்டாள். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அவசரத்தில் கைக்குத் தடவும் சானிடைசர் பாட்டிலை நீட்டிய சின்ன நர்ஸிடம், "அதுல இந்தக் கிருமி சாகாது. சோப்பு, தண்ணி, வேற வழியில்ல" என்றாள்.

மத்தியானம் தையல்காரப் பெண் பெல்லை மறந்து கழிப்பறைக்குப் போகக் காலை ஊன்றினாள். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டாள். கையுறையை இழுத்துக்கொண்டே ஓடிப் போய், சரிவதற்குள் பிடித்துவிட்டாள். நடுக்கட்டிலில் இருந்து நாத்தனார் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தும் அவள் முகம் இளகவில்லை.

சாயங்காலம் சூப்பிரண்டு முறைத்துக்கொண்டே வெளிநோயாளிப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸை அனுப்பினார். கறார் சிஸ்டர் உடனே மூலைக் கட்டிலுக்கு விரிப்புப் போடச் சொன்னாள். அப்புறம் டிரஸ்ஸிங் தட்டை எடுத்துக்கொண்டு நாத்தனாரிடம் போனாள்.

"நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள மாடியைக் காலி பண்ணிடு," என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்தபடி. "என் தம்பிகிட்டயும் சொல்லிட்டேன்."

வார்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. கறார் சிஸ்டர் தட்டைக் கீழே வைத்தாள். மகளின் பள்ளிக்கூடம் கண் முன்னால் வந்து போனது.

"சரி அண்ணி. அந்த ரூம் யாருக்குன்னு முடிவு பண்றது என் வேலை, பண்ணிட்டேன். உங்க வீடு யாருக்குன்னு நீங்க முடிவு பண்ணுங்க. இப்ப கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, தையலைப் பாக்கணும்."

நாத்தனார் திரும்பிப் படுத்தாள். கறார் சிஸ்டர் பிளாஸ்திரியை வலிக்காமல், மெதுவாக உரித்தாள்.