நல்ல வேலை செய்தீர்கள்

மின்னஞ்சலில் வந்த கடிதத்தை நஸ்னீன் இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கும்போது காதெல்லாம் சூடேறியது.

"தொழிலாளி சுகாசினிக்கு நிர்வாகம் ஆங்கிலத்தில் அனுப்பிய மூன்று எச்சரிக்கைகளை, நான் கவனக்குறைவால் பாராட்டுகளாக மொழிபெயர்த்துவிட்டேன்" என்று அவளே எழுதியதுபோல் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அனுப்பியவர் வேல்முருகன். சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை பிரித்துக் கொடுப்பவர். காஞ்சிபுரத்து வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி ஆறு வருடமாக நஸ்னீன் அவர்களுக்குத்தான் ஆங்கிலத்தைத் தமிழாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரகடம் பக்கத்து கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் வேலை அது. அங்கே தொழிலாளர்களுக்கென்று ஒரு செல்போன் செயலி உண்டு. யாராவது உற்பத்தி லைனை நிறுத்தினால் காரணத்தை அதில் தமிழில் எழுத வேண்டும். மேலாளர் ஆங்கிலத்தில் பதில் எழுதுவார். அது தமிழாகித் தொழிலாளிக்குப் போகும். ஆனால் நஸ்னீனுக்கு வருவது அந்த உரையாடல் இல்லை. கட்டம் கட்டமாக வெறும் வாக்கியங்கள், முன்பின் கலைந்து. யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எதுவும் இருக்காது. ஒரு முறை மொழிபெயர்த்த வாக்கியம் மொழிபெயர்ப்பு மென்பொருளின் நினைவகத்தில் ஏறிவிடும். அதே வாக்கியம் மறுபடி வந்தால் பழைய தமிழ் தானாக விழும். மனிதக் கண் அதைப் பார்ப்பதே இல்லை.

இணைப்பில் இருந்த பட்டியலை அவள் திறந்தாள். இந்த முறை முன்பின் எல்லாம் இருந்தது.

சுகாசினி எழுதியிருந்தாள்: "ப்ரஸ் மிஷின்ல கை உள்ளே போனா நிக்கற சென்சார் விட்டு விட்டு வேலை செய்யுது. லைனை நிறுத்தினேன்."

மேலாளர் ராஜவேலு: "நைஸ் ஜாப்."

நஸ்னீனின் தமிழ்: "நல்ல வேலை செய்தீர்கள்."

நான்கு நாள் கழித்து மறுபடி அதே சென்சார், மறுபடி நிறுத்தம். அவர்: "கிரேட். ஜஸ்ட் கிரேட்." தமிழில்: "அருமை. மிகவும் அருமை."

மூன்றாவது முறை அவர் இரண்டு வாக்கியம் எழுதியிருந்தார். "நைஸ் ஜாப். கீப் இட் அப் அண்ட் வி கேன் ஆல் கோ ஹோம்." முதல் பாதி நினைவகத்திலிருந்து விழுந்தது. இரண்டாம் பாதியை எந்த முதல் பாதியும் இல்லாமல் ஒற்றைக் கட்டமாகப் பார்த்து அவள்தான் எழுதியிருந்தாள்: "இதேபோல் தொடருங்கள், நாம் அனைவரும் வீட்டுக்குச் செல்லலாம்."

சுகாசினி இதேபோல் தொடர்ந்தாள். நான்காவது முறை நிறுத்தினாள். மறுநாள் வேலை போயிற்று. "மூன்று எழுத்துப்பூர்வ எச்சரிக்கைகளுக்குப் பிறகும் உற்பத்தியைத் தடுத்ததால்" என்றது இணைப்பில் கடைசியாக இருந்த நீக்கக் கடிதம்.

நஸ்னீன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். ஆங்கிலத்தில் அந்த "ஜஸ்ட்" ஒன்று போதும், சொல்பவன் உதட்டைக் கோணுவது தெரிந்துவிடும். கல் மாதிரி விழுகிற முற்றுப்புள்ளி போதும். தமிழில் குத்தல் அங்கே உட்காராது. வினையின் வாலில் உட்காரும், "போ" என்ற ஒரு சொல்லில், "தான்" என்ற ஒரு ஒட்டில், இழுத்துச் சொல்லும் நெடிலில் உட்காரும். "செய்தீர்கள்" என்று மரியாதையாக எழுதிய கணத்தில் அது செத்துவிட்டது. எஞ்சியது சுத்தமான பாராட்டு.

பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினாள். "கிரேட். ஜஸ்ட் கிரேட்" என்ற பதிலுக்கு அவள் சந்தேகம் கேட்டிருந்தாள்: "இது யார் யாரிடம் சொல்வது? பாராட்டா, குத்தலா?" வேல்முருகனின் பதில் கீழே இருந்தது: "பாராட்டுதான் மேடம். அப்படியே போடுங்க. நாலு மணிக்கு டெலிவரி."

மற்ற இரண்டுக்கும் அவள் கேட்கவே இல்லை. அது அவள் தப்பு. அதை யார் தலையிலும் கட்ட முடியாது. அதுதான் கோபத்தை இன்னும் கிளறியது.

வேல்முருகனுக்குப் போன் போட்டாள்.

"கையெழுத்து போட்டு அனுப்பிடுங்க மேடம், சும்மா ஃபார்மாலிட்டி. லேபர் ஆபீஸ்ல வியாழக்கிழமை பேச்சுவார்த்தை இருக்குது."

"இதுல எச்சரிக்கைனு எழுதியிருக்கீங்க. எந்த வரியில இருக்குது எச்சரிக்கை? காட்டுங்க."

"அவரு மீன் பண்ணது அதுதானே மேடம்."

"அவரு மீன் பண்ணது நக்கல். சென்சார் வேலை செய்யலைனு ஒரு பொண்ணு எழுதுது, நீ ரொம்ப கிழிச்சேனு இவரு எழுதுறாரு. நான் தப்பாத்தான் போட்டேன், ஒத்துக்கறேன். ஆனா நான் எதைத் தப்பாப் போட்டேனோ அதைத்தான் எழுதித் தருவேன். அவங்களுக்கு வேண்டியதை இல்ல."

"ரகசியம் காக்கறேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க, ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார் அவர். குரலில் இருந்த மேடம் காணாமல் போயிருந்தது.

மறுநாள் காலை அவள் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனாள். நீக்கக் கடிதத்தில் இருந்த முகவரியை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்தது சுகாசினிதான். இருபத்திரண்டு வயது இருக்கும். துவைக்கிற துணியின் சோப்பு நுரை கையில் இருந்தது.

நஸ்னீன் தான் யாரென்று சொன்னாள். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே மூன்று வரிகளையும் சொல்லி, அவற்றுக்கு உண்மையில் என்ன பொருள் என்றும் சொன்னாள்.

சுகாசினி நுரைக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"அப்போ அவரு என்னைப் பாராட்டலையா?"

"இல்ல."

"வீட்டுக்குப் போலாம்னு எழுதினாரே. ஒருத்தருக்கும் அடிபடாம எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போலாம்னு சொல்றாருனு நெனச்சிக்கினு இருந்தேன்."

"இப்படியே பண்ணிக்கினு இரு, கம்பெனியை இழுத்து மூடிட்டு எல்லாரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதுதான்மா அர்த்தம்."

உள்ளேயிருந்து அவள் அம்மா கங்கையம்மாள் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"நான் சித்தாள் வேலை செய்யற எடத்துல எல்லாருக்கும் காட்டினேன்மா" என்றாள் நஸ்னீனிடம். "எம் பொண்ணுக்கு மேனேஜரே எழுதியிருக்காருனு. படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சிக் காட்டச் சொன்னேன். நீ எழுதினதா அது?"

"நான்தான் எழுதினேன்."

"படிச்சவங்கதானே நீங்கல்லாம்?"



"மன்னிப்பு கேக்கறதுக்கு வந்தீங்களாக்கா?" என்றாள் சுகாசினி. கண் சிவந்திருந்தது, அழவில்லை. "மன்னிப்பை வெச்சிக்கினு நான் என்னா பண்றது? வியாழக்கிழமை அந்தாளு வருவாரு. அவரு முன்னாடி வந்து இதையே சொல்வீங்களா?"

"சொல்றேன்."

தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரச அதிகாரியின் அறை சிறியது. அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினார். ஒரு பக்கம் மேலாளர் ராஜவேலுவும் கம்பெனி வழக்கறிஞரும். மறுபக்கம் சுகாசினியும் கங்கையம்மாளும் நஸ்னீனும். நஸ்னீனைப் பார்த்ததும் வழக்கறிஞர், அவள் கடிதம் மட்டும் போதும், ஆள் வரத் தேவையில்லை என்றார்.

"கடிதத்துல நான் கையெழுத்து போடல. அதான் நானே வந்தேன்" என்றாள் நஸ்னீன்.

அதிகாரி அவளைப் பேசச் சொன்னார். அவள் தன் தப்பிலிருந்தே தொடங்கினாள். கட்டங்களைச் சொன்னாள், நினைவகத்தைச் சொன்னாள், சந்தேகம் கேட்ட மின்னஞ்சலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சரியா மொழிபெயர்த்திருந்தா எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டார் அதிகாரி.

"முதல் வரி, 'ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க, போங்க.' ரெண்டாவது, 'அடடா, இதுதான் இப்போ கொறைச்சல்.' மூணாவது, 'நல்லாத்தான் இருக்குது. இப்படியே பண்ணிக்கினு இருங்க, எல்லாரும் மூட்டை கட்டிக்கினு வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்.' இதுல எதுவும் பாராட்டு இல்ல மேடம். எச்சரிக்கையும் இல்ல. எச்சரிக்கைனா என்ன தப்பு, இனிமே என்ன செய்யக் கூடாதுனு சொல்லணும். இது கேலி. சென்சார் கெட்டுப்போச்சுங்கற புகாருக்குப் பதிலா ஒரு கேலி."

வழக்கறிஞர் குறுக்கே புகுந்தார். "இது அவங்க ஊகம். வேணும்னா பாராட்டாவே வெச்சிக்கலாம்."

"பாராட்டுனா எதுக்கு வேலையை விட்டு எடுத்தீங்க?" என்றாள் கங்கையம்மாள்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு ராஜவேலுவைப் பார்த்தார். "நீங்க எழுதினது. நீங்களே சொல்லுங்க. பாராட்டா?"

"பொதுவா பேசற மாதிரி மேடம். கேஷுவலா."

அதுவரை வாய் திறக்காமல் இருந்த சுகாசினி எழுந்து நின்றாள். "சார், நீங்க திருத்தணிக்காரர்தானே? வீட்ல தமிழ்தானே பேசறீங்க? நான் மூணு தடவை தமிழ்ல எழுதினேன். நீங்க என்னா பதில் சொன்னீங்கனு இப்போ என் மூஞ்சியைப் பாத்துத் தமிழ்ல சொல்லுங்க."

ராஜவேலு கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "நல்ல வேலை..." என்றார்.

"அப்படி இல்ல சார். எழுதும்போது மனசுல எப்படி சொன்னீங்களோ அப்படி."

"உக்காரும்மா" என்றார் வழக்கறிஞர்.

"நான் நிப்பேன். அந்த மிஷின்கிட்ட எட்டு மணி நேரம் நின்னவதானே. கை போயிருந்தா அதுக்கும் நைஸ் ஜாப்னு எழுதியிருப்பீங்களா?"

அப்போது ராஜவேலுவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ஆமாம்மா, நாலு தடவை லைனை நிறுத்திட்டு, ரொம்ப பெரிய வேலை பாத்துட்டே நீ!" என்று வெடித்தார்.

அறையில் எல்லோரும் அதைக் கேட்டார்கள். இழுத்த "ரொம்ப", எகிறிய "பெரிய", "நீ". யாரும் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வழக்கறிஞர் கண்களை மூடிக்கொண்டார். அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"மூணு எச்சரிக்கைனு நீங்க சொன்னதை நான் ஏத்துக்க முடியாது" என்றார், தலை தூக்காமல். "அந்த சென்சார் பத்தின ரிப்போர்ட் எங்கே? இந்தப் பொண்ணு எழுதின மூணு தேதிக்கும் பராமரிப்பு என்ன செஞ்சீங்க? அதைக் கொண்டு வாங்க."

அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். வெளியே வராந்தாவில் ராஜவேலு நஸ்னீனைத் தாண்டிப் போகும்போது நின்றார். "ரொம்ப நல்லாப் பேசினீங்க மேடம்" என்றார்.

"தமிழ்ல நல்லாவே வருதே சார் உங்களுக்கு" என்றாள் அவள். "அன்னைக்கே அதுல எழுதியிருந்தா, திட்டு வாங்கறோம்னாவது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

கம்பெனி மூன்றாவது பேச்சுவார்த்தையில் இறங்கி வந்தது. பராமரிப்பு ரிப்போர்ட் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. வேலை திரும்பக் கிடைத்தது. சென்சாரை மாற்றிய பிறகே அந்த மிஷினில் நிற்பேன் என்று சுகாசினி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி, சேர்த்த பிறகே கையெழுத்துப் போட்டாள்.

வேல்முருகனிடமிருந்து நஸ்னீனுக்கு வேலை வருவது நின்றுபோனது. வக்கீல் நோட்டீஸ் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. பத்திரம் மொழிபெயர்க்கும் வேலையைத் தேடிப் பிடித்தாள். சலிப்பான வேலை. ஆனால் எந்த வரியை யார் யாருக்கு எழுதினார்கள் என்று முதல் பக்கத்திலேயே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி ஐயம்பேட்டைக்குப் போனாள். கங்கையம்மாள் கதவைத் திறந்து, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் ஓரமாக நகர்ந்து நின்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். நஸ்னீன் குடித்து முடிக்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மேஸ்திரி கேட்டாருமா" என்றாள் பிறகு. "மேனேஜர் எழுதினது பொய்யாமேனு. என்னா சொல்றதுனு தெரியல எனக்கு. நீயே ஒரு நாள் வேலை எடத்துக்கு வந்து அவங்ககிட்ட சொல்லிட்டுப் போ."

"நாளைக்கு வரேன்" என்றாள் நஸ்னீன்.