என் நம்பருக்கு வரும் ஓடிபி

வெளிநாட்டில், கப்பல் கட்டும் யார்டில் ஏழு மாத ஒப்பந்தம். வெல்டர் வேலை. கிளம்புவதற்கு முன் எங்கள் கோஷ்டியில் ஒரே பேச்சு, போனுக்கு என்ன செய்வது என்பதுதான்.

எலக்ட்ரீஷியன் ரோமிங் பேக் போட்டுக்கொண்டு வந்தான். முப்பது நாளில் அது தீர்ந்தது, மறுபடி போட்டான், மூன்றாம் மாதம் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். குறுகிய பயணத்துக்குச் செய்த பேக்கை வைத்து ஏழு மாதம் குடும்பம் நடத்த முடியுமா? எல்லோரையும் போல அவனும் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கினான்.

நான் பெரிய புத்திசாலி. என் போனில் ஒரு சிம்தான் போட முடியும், கூடவே, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் வசதி உண்டு. ஊரில் இருக்கும்போதே என் பழைய நம்பரை இ-சிம்மாக மாற்றிக்கொண்டேன். உள்ளூர் சிம்முக்கு இடம் காலியாக இருக்கும் என்ற கணக்கு. ரோமிங்கைத் திறந்து, டேட்டாவை அணைத்து வைத்தால் மெசேஜ் மட்டும் வரும். மாதாமாதம் மனைவி ரீசார்ஜ் செய்துவிடுவாள். சமையல் கேஸ், வங்கி, ரேஷன், மகளின் படிப்பு, எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கிறது. அந்த நம்பர் உயிரோடு இருக்கும்வரை நான் வீட்டில் இருப்பது மாதிரிதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கேமரா உள்ள போனை யார்டுக்குள் விடமாட்டார்கள். வாசலில் லாக்கரில் அணைத்து வைத்துவிட்டு, பட்டன் போனோடு உள்ளே போக வேண்டும். மற்றவர்கள் ஊர் சிம், உள்ளூர் சிம் இரண்டையும் கழற்றிப் பட்டன் போனில் மாட்டிக்கொண்டார்கள். நான் உள்ளூர் சிம்மை மட்டும் கழற்றினேன். இ-சிம்மைக் கழற்ற எதுவும் இல்லை, அது போனுக்குள்ளேயே குடியிருக்கிறது. திரும்ப அட்டையாக மாற்ற ஊருக்குப் போய்க் கடையில் நிற்க வேண்டும்.

"சிம் கழட்டுற ஊசியை வச்சுக்கிட்டு தினம் காலைல ஆபரேஷன் பண்றீங்களே, அண்ணே, பாதி நோயாளி லாக்கர்லயே கிடக்கானே," என்று எலக்ட்ரீஷியன் கிண்டல் செய்வான்.

அன்று மதியம் டாங்க்குக்குள் படுத்தபடி வெல்டிங். வெளியே வந்து முகமூடியைத் தூக்கியபோது பட்டன் போனில் மகளின் ஆறு மிஸ்டு கால்.

"அப்பா, கவுன்சிலிங்ல கிடைச்ச சீட்டை அஞ்சு மணிக்குள்ள உறுதி பண்ணணும். ஓடிபி உங்க நம்பருக்கு வருது. மூணு தடவை அனுப்பிட்டேன்."

"போன் கேட்ல இருக்கும்மா. இப்ப மணி என்ன அங்க?"

"நாலு பத்து."

"நேத்தே சொல்லக் கூடாதா?"

"நேத்து சொன்னேன்ப்பா. சரி சரின்னு சொல்லிட்டுத் தூங்கிட்டீங்க."

உண்மைதான். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

வேலை நேரத்தில் வெளியே போக ஃபோர்மேன் கையெழுத்து வேண்டும். அவர் நம்ம ஆள்தான், ஆனாலும் சட்டம் பேசுவார். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். "ஓடு. என் பொண்ணுக்கும் போன வருஷம் இதே கூத்துதான்."

வாசல் ஒரு கிலோமீட்டர். அந்த வெயிலில் கனத்த பூட்ஸோடு ஓட முடியவில்லை, நடக்கவும் மனமில்லை. நாக்கு வறண்டு லாக்கரைத் திறந்தபோது ஊரில் நாலு நாற்பது. போனை ஆன் செய்தேன். நெட்வொர்க்கைத் தேடியது, தேடியது. இரண்டு நிமிடம் கழித்து மூன்று ஓடிபியும் வரிசையாக விழுந்தன. மூன்றும் காலாவதி.

பட்டன் போனில் மகளைக் கூப்பிட்டேன். "புதுசா ஒண்ணு அனுப்பு."

வந்தது. ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"ஓகே ஆயிடுச்சுப்பா. இருங்க, இன்னொரு ஓடிபி இருக்கு."

இரண்டு போனையும் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு ஐம்பது. எதுவும் வரவில்லை.

"வரலையேம்மா. மறுபடி அனுப்பு."

"வந்துடுச்சுப்பா. உறுதி பண்ணியாச்சு. சீட் நமக்குத்தான்."

"எங்க வந்துச்சு? இங்க ஒண்ணும் இல்லையே."

"முதல்ல நீங்க படிச்சது நம்பரை மாத்துறதுக்கு. இனிமே எல்லாம் அம்மா போனுக்கு வர்ற மாதிரி வச்சுட்டேன். கேஸு, பேங்க்கு எல்லாத்தையும் மாத்திடலாம்னு அம்மா சொல்றாங்க. நீங்க இப்படி ஓட வேணாம்ப்பா."

"நல்லதும்மா," என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அந்த நம்பருக்கு இனிமே ரீசார்ஜ் பண்ணணுமான்னு அம்மா கேக்குறாங்கப்பா."