ஐந்தாவது நிலையின் அகலம்

கோபுரத்தின் முதல் நிலையை முடிக்கவே அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. தூண், மாடம், வாசல், வளைந்த விளிம்பு எல்லாவற்றையும் கணினியில் ஒவ்வொன்றாக இழைத்திருந்தாள். மேலே இருந்த எட்டு நிலைகளுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. செய்த ஒன்றையே வரிசையாகப் படியெடுத்து அடுக்கித் தரும் கட்டளை ஒன்று அந்த மென்பொருளில் உண்டு. அலுவலகத்தில் அதை ‘அர்ரே’ என்பார்கள். அடுத்த நகல் எவ்வளவு மேலே உட்கார வேண்டும், எவ்வளவு சுருங்க வேண்டும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். இரண்டாவதற்குச் செய்ததையே மூன்றாவதற்கும் செய்யும், மூன்றாவதற்குச் செய்ததையே நான்காவதற்கும். அவள் சுருக்க விகிதம் 0.9 என்று கொடுத்தாள். எண்ணிக்கை ஒன்பது என்று தட்டியதும் திரையில் கோபுரம் மளமளவென்று எழுந்து நின்றது.

பழைய கட்டடங்களை அளந்து, படம் வரைந்து, மாதிரி செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. வெளியே போய் அளப்பது அவள் கணவனின் வேலை. இடுப்பில் எந்நேரமும் அளவு நாடா தொங்குவதால் அலுவலகம் முழுக்க அவனுக்கு ‘டேப்பு’ என்றுதான் பெயர். கல்யாணத்துக்கு வந்த முதலாளிகூட வாழ்த்து அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தார். கோபுரத்தின் கீழ் இரண்டு நிலைகளை மட்டும் அவன் அளந்திருந்தான். முதல் நிலை பன்னிரண்டு மீட்டர் அகலம், இரண்டாவது பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் கூட, 10.8. பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அவளுடைய 0.9 அங்கிருந்து வந்ததுதான். உயரமும் ஐந்திலிருந்து நாலரையாகி அதே கணக்கில் இறங்கியது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏறவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது அவன் ஒரு புகைப்படத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளுடைய மாதிரியையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் நிலையை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் நிஜக் கோபுரம் இருபத்தேழு மீட்டர்தான் வருகிறதாம், அவளுடையது முப்பதைத் தாண்டுகிறதாம். அதோடு அவளுடைய கோபுரத்தின் ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது, நிஜம் மேலே போகப் போக லேசாக உள்ளே வளைகிறது என்றான். கீழே நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் உச்சி குறுகித்தான் தெரியும், அதை வைத்து அளவு சொல்லக் கூடாது என்றாள் அவள். அது நியாயமான பதில்.

“மழை விட்டுடுச்சு. ஏறி அளந்துட்டு வந்துடறேன்” என்றான்.

“நாளைக்குக் காட்டணும்னு முதலாளி குதிக்கறாரு. ரெண்டு நிலை போதும்னு அவரே சொல்லிட்டாரே.”

“போதும்தான். ஆனா மனசு கேக்கலம்மா.”

முன்பகலில் மூன்றாவது நிலையிலிருந்து போனில் பேசினான். கோபுரத்தின் உள்ளே இருட்டாம், புறா நாற்றமாம், ஏணி வழுக்குகிறதாம். அளவு 9.6 என்றான். அவளுடைய மாதிரியில் 9.72. ஒரு சாண்கூடத் தேறாத வித்தியாசம். சுண்ணாம்புப் பூச்சு ஒரு பக்கம் உதிர்ந்திருந்தாலே அவ்வளவு வரும் என்றாள்.

அவனுக்கு வேறு சந்தேகம் இருந்தது. கட்டினவர்கள் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கவில்லையோ, நிலைக்கு நிலை அதே 1.2 மீட்டரைக் கழித்துக்கொண்டே போனார்களோ என்றான். முதல் இரண்டு நிலையை மட்டும் பார்த்தால் இரண்டு கணக்கும் ஒரே விடைதான் தரும். மூன்றாவதில் லேசாகப் பிரியும். மேலே போகப் போகத்தான் எது சரி என்று தெரியும்.

“அப்ப மேல போய்ப் பாத்துச் சொல்லு” என்றாள். வேலைக்கு நடுவில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது அது.

கொஞ்ச நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘நாலு: 8.4. நான் சொன்னேன்ல. அஞ்சுக்குப் போறேன்.’ அவளுடைய மாதிரியில் நான்காவது நிலை ஏறத்தாழ 8.75. பூச்சு, கீச்சு என்று இனிச் சமாளிக்க முடியாது. அவன் ஜெயித்துவிட்டான். வீட்டுக்கு வந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிக்காட்டுவான் என்று சிரித்துக்கொண்டே அர்ரேயைக் கலைத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே விகிதத்தால் பெருக்கத்தான் அதற்குத் தெரியும். ஒரே அளவைக் கழிக்கத் தெரியாது. இனி ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக எடுத்து, முதல் நிலையின் அளவில் 0.9 பங்கு, 0.8, 0.7 என்று கையால்தான் சுருக்க வேண்டும். ஆறாவது நிலையைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போது முதலாளி அவருடைய அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

கோபுரத்தின் மேல் பாதி உள்பக்கமாகச் சரிந்து விழுந்துவிட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது நான்காவது நிலை வரை சுவர் நின்றது. அதற்கு மேல் வானம். செங்கல் தூசி ஈரத்தில் படிந்து தெருவே காவியாகக் கிடந்தது. நாத்தனார் அவளுக்கு முன்பே வந்து தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அண்ணி, அண்ணன் போன் அடிக்குது, ஆனா எடுக்கல” என்றாள்.

மீட்புப் படை அதிகாரி சிவந்த கண்ணும் கரகரத்த குரலுமாக வந்தார். கோபுரத்துக்கு வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். முதலாளி அவளைக் கை காட்டினார். ஒரு வண்டியின் பின்கதவைத் திறந்து, அதன் மேல் மடிக்கணினியை வைத்தாள். திரையில் கோபுரம் தூண், மாடம், விளிம்போடு ஜம்மென்று நின்றது. அதிகாரியின் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது.

“நல்லதாப் போச்சு. அஞ்சாவது நிலையோட தளம் எவ்வளவு உயரம்?”

“பதினேழு மீட்டர் இருக்கணும்.”

“இருக்கணும்னா?”

நான்காவது வரைதான் அகலம் தெரியும், அந்த உயரம் தன் கணக்கு என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார். உள்ளே எவ்வளவு இடம், சுவர் எத்தனை கனம், தளம் மரமா கல்லா, ஏணி எந்த மூலையில். அவள் சுட்டியை உருட்டி மாதிரியைத் திருப்பி, உள்ளே நுழைந்து காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. வெளித்தோல் மட்டும்தான். மாடங்களின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருந்தது. முதல் நிலை வாசலில் மட்டும் சுவருக்குக் கனம் உண்டு, அவன் அளந்து கொடுத்ததால். மேலே இருந்த வாசல்களில் தெரிந்த கனமெல்லாம் அந்த ஒன்றைச் சுருக்கிப் போட்டது. நிஜத்தில் மேலே சுவர் அப்படித்தான் மெலிந்ததா, இல்லை கீழிருந்து மேல்வரை ஒரே கனமா என்று அவளுக்குத் தெரியாது. அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் உள்ளே இருந்தான்.

பாரந்தூக்கி ஓட்டுநர் எட்டிப்பார்த்து, உள்ளே விழுந்து கிடப்பது எத்தனை டன் இருக்கும் என்று கேட்டார். இதற்காவது பதில் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குப் பரபரப்பு. கன அளவைக் கணக்கிட்டாள். ஆனால் ஐந்து நிலையும் கெட்டியாக இருந்தால் ஒரு எண், உள்ளே கூடாக இருந்தால் அதில் கால்வாசிகூட வராது. இரண்டையும் சொன்னாள். ஓட்டுநர் இரண்டையும் கேட்டுக்கொண்டு, வெற்றிலைக் கறை மாதிரி காவி படிந்த தன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“இது படம்மா” என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. “நாங்க சுவத்தைத் தட்டித் தட்டித்தான் பார்க்கணும். நீங்க அப்படி உக்காருங்க.”

அவள் உட்காரவில்லை. மீதி நிலைகளைச் சரியாக அடுக்கிவிட்டால் ஏதாவது பிடி கிடைக்கும் என்று தோன்றியது. ஏழாவதை 0.4, எட்டாவதை 0.3 என்று சுருக்கி ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைத்தாள். ஒன்பதாவதையும் வைத்ததும் உயரம் சரியாக இருபத்தேழு மீட்டர் வந்தது. ஓரம் லேசாக உள்ளே வளைந்தது, புகைப்படத்தில் இருப்பது போலவே. நிமிர்ந்து பார்த்தாள். காட்ட யாரும் இல்லை. எல்லோரும் கோபுரத்துக்குள் இருந்தார்கள். நாத்தனார் வந்து மடிக்கணினியை மெல்ல மூடிவிட்டு, அவள் விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் முன் அவனைக் கயிற்றுப் படுக்கையில் கட்டி இறக்கினார்கள். நான்காவது நிலையின் வாசல் வளைவுக்கடியில் கிடந்தானாம். வளைவு தாங்கியதால் உயிர் தப்பியது. முதுகை உத்திரம் அடித்திருந்தது. யார் கணக்கும் அவனைக் கண்டுபிடிக்கவில்லை. மீட்புப் படையில் ஒருவர், அவன் கைபேசி மணி அடிக்கும் திசையில் காதைக் கொடுத்துக்கொண்டே தோண்டினாராம்.

முதுகெலும்பைப் பற்றி மருத்துவர் நின்றுகொண்டே சொன்னார். அறுவை செய்தாகிவிட்டது, வீக்கம் வடியட்டும், காலில் உணர்வு திரும்புமா என்று காத்திருந்துதான் பார்க்க வேண்டும். எவ்வளவு நாள் என்று நாத்தனார் கேட்டாள். அவர் நாத்தனாரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

முதலாளி பழங்களோடு வந்து, வராந்தாவில் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். கோபுரத்தைத் திரும்பக் கட்டப்போகிறார்களாம், மாதிரி வேண்டுமாம். மேல் ஐந்து நிலையையும் யாரும் அளக்கவில்லையே, அது ஊகம்தானே என்றாள் அவள். “ஊகம்னு ஒரு ஓரத்துல எழுதிடலாம்மா. நீ தரலேன்னா வேற யாராச்சும் அந்த 0.9-ஐயே போட்டு இழுத்து விட்டுடுவாங்க” என்றார். அது உண்மை என்பது அவளுக்கே தெரிந்ததால் மாதிரியை அனுப்பிவிட்டாள். மேல் நிலைகளுக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்திருந்தாள். அதை யாராவது எத்தனை நாள் விட்டுவைப்பார்கள் என்று தெரியவில்லை.

அவனுக்குத் தெளிவாகப் பேச்சு வந்த அன்று, முதலில் தண்ணீர் கேட்டான். அப்புறம் தங்கை சாப்பிட்டாளா என்று கேட்டான். அப்புறம், “அஞ்சாவது எவ்வளவு வந்துச்சு?” என்றான்.

“ஏழு ரெண்டு.”

“யாரு அளந்தா?”

“யாரும் அளக்கல. கணக்குல வந்தது.”

அவன் கண்ணை மூடித் திறந்தான். ஏணியில் கால் வைத்த நேரத்தில் மேலேயிருந்து புறாக்கள் மொத்தமாகப் பறந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். எதற்குப் பறக்கிறது என்று நினைத்தானாம், கைவிளக்கைப் பார்த்து மிரண்டிருக்கும் என்று சிரித்தானாம். அவள் போர்வைக்கு அடியில் கையை விட்டு அவன் பாதத்தைப் பிடித்தாள். கட்டை விரலை அழுத்தினாள். கொஞ்சம் கூட்டி, நகம் பதிய அழுத்தினாள். அவன் புறாக்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தான்.