தெற்கு ஷட்டர்

என் தம்பி என்னைக் கூப்பிடுறது காத்தக்கான்னு. கட்டடத்துக்குக் காத்துக் கணக்கு போட்டுப் பிழைக்கிற பொம்பளைக்கு வேற என்ன பேரு வைக்க முடியும்னு கேப்பான். ஊர்ல எவன் கூரை பறந்தாலும் எனக்குத்தான் முதல்ல போன் போடுவான். "உன் ஆளு வந்து தூக்கிட்டுப் போயிட்டானாமே?" என்பான். வாயை உடைச்சிடுவேன்னு நான் கத்துவேன். அவன் சிரிப்பான்.

அவன் வேலை பாக்குற பெயிண்ட் கிடங்கு நான் கணக்கு போட்டதுதான். எட்டு மீட்டர் உயரம், தகரக் கூரை, வடக்குல ஒரு பெரிய ஷட்டர், தெற்குல ஒரு பெரிய ஷட்டர். அது எழும்பும்போதே முதலாளிகிட்ட சொல்லி அவனை சூப்பர்வைசரா சேத்துவிட்டேன். அவனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், வீட்ல பொண்டாட்டி, நடக்கப் பழகுற பொண்ணு. பாதுகாப்பான இடத்துல ஒரு நிரந்தர வேலைன்னு சந்தோஷப்பட்டேன். நான் போட்ட கட்டடமாச்சே, அதைவிடப் பாதுகாப்பு எதுன்னு ஒரு திமிர்.

புயல் அன்னிக்கு விடியறப்பவே வடக்குலேருந்து வீச ஆரம்பிச்சிடுச்சு. லோடு இறக்க வந்த அஞ்சு பேரும் அவனும் வீட்டுக்குப் போக முடியாம கிடங்குல மாட்டிக்கிட்டாங்க. நான் ஆறு கிலோமீட்டர் தள்ளி, மாடியில என் ஆபீஸ்ல தனியா இருந்தேன். பத்தரை மணிக்கு போன் வந்துச்சு.

"அக்கா, கூரை பேசுது."

"என்னடா பேசுது?"

"வடக்கு ஓரத்துல தகரம் டம்மு டம்முன்னு தூக்கித் தூக்கி அடிக்குது. கீழேருந்து பாத்தா ஸ்க்ரூ முனையெல்லாம் தெரியுது. ஓரத்துலயும் தகரத்தோட ஒரு மேடு விட்டு ஒரு மேட்டுலதான் ஸ்க்ரூ அடிச்சிருக்காங்க. நீ ஒவ்வொரு மேட்டுலயும்னுதான போட்டிருந்த?"

எனக்கு ரத்தம் கொதிச்சுது. கூரை போட்ட படுபாவி பாதி ஸ்க்ரூவை முழுங்கியிருக்கான். நாலு வார்த்தை திட்டினேன், அதை இங்க எழுத முடியாது. அப்புறம் கிடங்கோட ஃபைலை எடுத்து மேஜையில விரிச்சேன்.

கணக்கு பெரிய ரகசியமில்ல. எங்க ஊருக்கு வரைபடத்துல குறிச்சிருக்கிற அடிப்படை வேகம் நொடிக்கு ஐம்பது மீட்டர். திறந்தவெளியில பத்து மீட்டர் உயரத்துல மூணு நொடி நீடிக்கிற வீச்சு அது. அதைக் கட்டடத்தோட ஆயுசுக்கும், சுத்தியிருக்கிற நிலத்துக்கும், மேடு பள்ளத்துக்கும் தக்கபடி பெருக்கணும். கிடங்கு நிக்கிறது தட்டையான பொட்டல், அதனால எல்லாப் பெருக்கமும் ஒண்ணுன்னே வந்துச்சு. ஐம்பதை ஐம்பதால பெருக்கி, அதுல பத்துல ஆறு பங்கு எடுத்தா ஆயிரத்தி ஐந்நூறு. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய நூத்தம்பது கிலோ அழுத்தம். இதுவரைக்கும் காத்தோட கணக்கு. மீதி கட்டடத்தோட கணக்கு, எந்த இடத்துல அந்த நூத்தம்பது எத்தனை மடங்காகுதுங்கறது.

காத்து கூரையை அமுக்கும்னுதான் ஜனங்க நெனைக்கிறாங்க. சாய்வு கம்மியான கூரையை அது மேல உறிஞ்சும். ஓரத்துலயும் மூலையிலயும் அந்த உறிஞ்சல் நூத்தம்பதைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும்கூடப் போகும்னு புத்தகத்துல பயமுறுத்துவாங்க. நான் அந்த ஓரத்துக்கு எடுத்தது ஒண்ணு புள்ளி நாலு. அதோட உள்ளேருந்து தள்ளுறது புள்ளி ரெண்டு. ரெண்டு ஷட்டரும் மூடியிருந்தா அவ்வளவுதான் உள்ள தள்ளும். மொத்தம் ஒண்ணு புள்ளி ஆறு, சதுர மீட்டருக்கு இருநூத்தி நாப்பது கிலோ மேல இழுக்குது. அதைப் பிடிச்சு வைக்கிறது பாதி ஸ்க்ரூ.

இழுக்குற காத்தை என்னால குறைக்க முடியாது. உள்ள இருக்கிறதைக் குறைக்கலாம்.

"டேய், கவனமா கேளு. தெற்கு ஷட்டரை முழுசாத் தூக்கிடு."

"நீதான வரைபடத்துலயே எழுதியிருக்க, புயல்ல ரெண்டும் மூடியிருக்கணும்னு? ஆபீஸ் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன், தெனமும் அது மூஞ்சிலதான் முழிக்கிறேன்."

"எழுதினவதான் சொல்றேன், செய்டா. காத்துக்கு எதிர்ப்பக்கம் திறந்தா உள்ள இருக்கிற காத்தை அது வெளிய உறிஞ்சிடும். உள்ளேருந்து கூரையைத் தள்ளுறது போயி, கீழ இழுத்துப் பிடிக்கும்."

உள்பக்கம் மைனஸ் புள்ளி மூணு. ஓரத்துல மொத்தம் ஒண்ணு புள்ளி ஆறு, ஒண்ணு புள்ளி ஒண்ணா இறங்கும். இருநூத்தி நாப்பது நூத்தி அறுபத்தஞ்சாகும். ஆனா சும்மா கிடைக்காது. வடக்குச் சுவரை வெளியேருந்து புள்ளி ஏழு அழுத்துது, உள்ள உறிஞ்சினா அதுவும் சேந்துக்கும், ஆக ஒண்ணு. அஞ்சுக்கு அஞ்சு ஷட்டர் மேல கால் குறைய நாலு டன். அது உள்ள விழுந்தா கதை முடிஞ்சுது.

"வடக்கு ஷட்டரை ஒட்டி டிரம்மெல்லாம் அடுக்குங்க. நெருக்கி அடுக்குங்க. அப்புறம் தெற்கைத் தூக்கு."

கரன்ட் போயிருந்துச்சு. கைச்சங்கிலியை இழுத்துத்தான் தூக்கணும். முக்கால் மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டான். மூச்சு வாங்குது.

"அக்கா, நின்னுடுச்சு. சத்தமே இல்ல. கூரை பொட்டிப் பாம்பா அடங்கிடுச்சு."

அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லிடணும். நாற்காலியில சாஞ்சு வாய்விட்டுச் சிரிச்சேன். இருபது வருஷமா தாள்லயே போட்டுக்கிட்டிருந்த கணக்கு, ஆறு உசிரை நிஜமாவே காப்பாத்துதுன்னு நெனச்சேன். "காத்தக்கான்னா சும்மாவா?" என்றான் அவன். "போடா"ன்னேன்.

ரெண்டு இருபதுக்கு மறுபடியும் போன்.

"காத்து சுத்தமா நின்னுடுச்சுக்கா. வெளிச்சம்கூட வருது. தெற்கு ஷட்டரை இறக்கிடட்டுமா?"

என் ஜன்னல் வழியா பாத்தேன். மரத்துல ஒரு இலை ஆடல. காலையிலேருந்து செவியைக் கிழிச்ச சத்தம் போயி, காதே அடைச்சாப்ல ஆயிடுச்சு. புயல் எங்களுக்குத் தெற்கே அறுபது கிலோமீட்டர்ல கரை ஏறும்னு ரேடியோவுல சொல்லியிருந்தாங்க. ஓரமா போயிடுச்சுன்னு நெனச்சேன்.

"உள்ள எப்படி இருக்கு?"

"டிரம்மு அடுக்குறப்ப ரெண்டு தின்னர் டப்பா உடைஞ்சிடுச்சு. ஒரே நெடி. எல்லாருக்கும் தலைவலி."

"அப்ப என்னத்துக்கு இறக்குற? திறந்தே கிடக்கட்டும். நெடி போகட்டும்."

"இல்லக்கா, திரும்ப வந்துச்சுன்னா..."

"காத்தே நின்னுடுச்சு, இன்னும் என்னடா பயம்? காலையிலேருந்து நான் சொன்னது எது தப்பாச்சு?"

"சரி சரி, கத்தாத," என்றான். "வீட்டுக்குப் போன் போட்டியா? லைன் கிடைக்கல. பாப்பா பயந்திருக்கும்."

போடுறேன்னு சொல்லி வச்சேன். போட்டேன். தம்பி பொண்டாட்டிகிட்ட, ஒண்ணும் பயமில்ல, முடிஞ்சுதுன்னேன். அப்புறம் ஃபைலை மூடலாம்னு தாளை ஒழுங்கா அடுக்கினேன். மேல இருந்தது காலையில நான் எடுத்த பக்கம், தலைப்புல என் கையாலயே எழுதியிருந்தேன்: காற்று வடக்கிலிருந்து. அதுக்கு அடியில இருந்தது தெற்கிலிருந்துங்கற பக்கம். எந்தக் கட்டடத்துக்கும் நாலு திசைக்கும் போடுவோம். அந்த நாளைக்கு நான் புரட்டினது ஒரே ஒரு பக்கம்.

அப்ப ஒரு சத்தம். தட்டுன்னு ஒரு துளி ஜன்னல் கண்ணாடியில விழுந்துச்சு. இன்னொண்ணு. என் ஆபீஸுக்கு வடக்குல ஒரு ஜன்னல், தெற்குல ஒரு ஜன்னல். விடியறதுலேருந்து வடக்கு ஜன்னல்தான் நனைஞ்சுக்கிட்டிருந்துச்சு. இப்ப நனையுறது தெற்கு ஜன்னல்.

புயலோட கண்ணு எங்க மேலதான் நின்னிருக்கு. அது நகர்ந்ததும் காத்து அப்படியே தலைகீழாத் திரும்பும். பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஐயோ, தெரியும்.

போனை எடுத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னுது. மறுபடி. மறுபடி. பதினேழு தடவை போட்டேன். வெளியில காத்து ஊளையிட ஆரம்பிச்சிடுச்சு. படியில இறங்கி வண்டியை எடுத்தேன், தெருமுனையில மரம் விழுந்து வழியை அடைச்சிருக்கு. இறங்கி ஓடினேன். காத்து தூக்கிக் கீழ போட்டுச்சு. முழங்கால்ல ரத்தத்தோட ஒரு கடை வாசல் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். வேற ஒண்ணும் செய்ய முடியல. கணக்கு மட்டும் தானா ஓடுச்சு. காத்து வர்ற பக்கம் வாய் திறந்திருக்கு, எதிர்ப்பக்கம் நான்தான் டிரம்மு வச்சு அடைச்சிருக்கேன். உள்ள போற காத்துக்கு வெளிய போக வழியில்ல. உள்ளேருந்து புள்ளி ஏழு தள்ளும். வெளியேருந்து ஒண்ணு புள்ளி நாலு உறிஞ்சும். ரெண்டு புள்ளி ஒண்ணு. சதுர மீட்டருக்கு முந்நூத்தி பதினஞ்சு கிலோ, பாதி ஸ்க்ரூ மேல.

மிச்சத்தை அந்த அஞ்சு பேர் சொன்னாங்க. காத்து திரும்பினதும் தம்பி அவங்களை உள்ள இருந்த கான்க்ரீட் ரூமுக்குள்ள தள்ளிட்டு, சங்கிலியைப் பிடிச்சுத் தொங்கியிருக்கான். ஷட்டர் பாதிதான் இறங்குச்சாம். தெற்கு ஓரத்துத் தகரம் முதல்ல கிளம்பி, பின்னாடியே கூரை முழுக்கச் சுருட்டிக்கிட்டுப் போச்சாம். தகரத்தைத் தாங்குற இரும்புச் சட்டம் ஒண்ணு அவன் மேல விழுந்துச்சு. அஞ்சு பேருக்குக் கீறல்கூட இல்ல.

ஆறாம் நாள் விசாரணை அதிகாரி தம்பி வீட்டுக்கு வந்தார். முன் ரூம்ல அவன் செருப்பு இன்னும் கதவோரம் கிடந்துச்சு. பாப்பா அதுக்குள்ள காலை விட்டு நடந்துக்கிட்டிருந்தா. அதிகாரி வரைபடத்தை விரிச்சு, ஏழாவது குறிப்புல விரலை வச்சார்.

"புயல் நேரத்தில் இரண்டு ஷட்டர்களும் மூடியிருக்க வேண்டும். இது உங்க கையெழுத்துதான மேடம்?"

"ஆமா."

"ஸ்க்ரூ விஷயத்துல கான்ட்ராக்டரை விசாரிக்கிறோம். மத்தபடி உங்க பக்கம் சுத்தம். சூப்பர்வைசர் குறிப்பை மீறி ஷட்டரைத் திறந்திருக்கார். திறக்குறதுக்கு முன்ன போன்ல யார்கிட்டயோ பேசினாராம், யாருன்னு அந்த அஞ்சு பேருக்கும் தெரியல." அவர் பேனாவை எடுத்தார். "கவனக்குறைவுன்னுதான் எழுத வேண்டியிருக்கும்."

சும்மா இருந்தா போதும். என் லைசென்ஸ் இருக்கும், என் பேரு இருக்கும். சத்தியமா சொல்றேன், ஒரு மூச்சு இழுத்து விடுற நேரம் நான் சும்மாத்தான் இருந்தேன்.

தம்பி பொண்டாட்டி சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. என்னைப் பாத்துக் கேட்டா.

"அண்ணி, நீங்க எழுதினதை அவர் மீறுவாரா? எங்க அக்கா போட்ட கட்டடம், எங்க அக்கா போட்ட கட்டடம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவராச்சே."

"மீறல,"ன்னேன். "நான்தான் திறக்கச் சொன்னேன். போன்ல பேசினது என்கிட்ட. எழுதிக்குங்க சார்."

அதிகாரி பேனாவை நிறுத்திட்டார். காத்து நின்ன நேரத்துல அவன் மறுபடி கூப்பிட்டதையும் சொல்ல ஆரம்பிச்சேன். அவ எழுந்து வந்து என் எதிர்ல உக்காந்தா.

"மூடட்டுமான்னு கேட்டாரா அண்ணி?"

பாப்பா பெரிய செருப்போட தடுக்கி விழுந்து அழுதுச்சு. ரெண்டு பேரும் திரும்பல.

"கேட்டான்."