இனிக்கும் விரல்

சகாயசெல்விக்கு அன்று காலையில் ஜெபம் சொல்லக்கூட வாய் வரவில்லை. லட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, திண்டுக்கல் மைதானத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டிலேயே பேக்கரி நடத்துகிறவள் அவள். எல்லாம் சர்க்கரை நோயாளிகளுக்கான சரக்கு. மைதாவுக்குப் பதில் பாதாம் மாவு, சீனிக்குப் பதில் எரித்ரிட்டால் என்கிற இனிப்புத்தூள். வாயில் போட்டால் லேசாக ஜில்லென்று இருக்கும். "லட்டா, புதினா மிட்டாயா?" என்று கேலி பேசுகிறவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். கட்டின புருஷன் ஆனந்த்ராஜைத்தான் காட்டுவாள். அவருக்கும் சர்க்கரை. அவள் சரக்கைத் தின்றே அடங்கியிருந்தது.

அந்தச் சர்க்கரைதான் மூன்று மாதமாக ஏறிக்கொண்டே போனது. பாவம், செல்வி எந்த மாவில் தப்பு என்று அளந்து அளந்து பார்த்தாள். பிடிபடவில்லை. இன்று வெளியாள் ஒருவருக்கு லட்டு கொடுத்துப் பார்க்கும் சோதனையிலும் ஏறினால் அடுப்பை விற்றுவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்து, எல்லாரிடமும் சொல்லியும் இருந்தாள். விஷத்தை விற்கவா வந்தோம்?

சோதனைக்கு விரல் கொடுத்தவர் ஓய்வுபெற்ற கண்டக்டர் முத்துக்கிருஷ்ணன், காலைநடை சங்கத் தலைவர். அவர் சர்க்கரை தாவவில்லையென்றால் சங்கத்து வீடுகள் அத்தனைக்கும் தீபாவளிப் பலகாரம் அவளிடம்தான். வெறும் வயிற்றில் மீட்டர் 138 காட்டியது. இரண்டு லட்டு தின்றார். நடந்தால் சர்க்கரை குறையும், அது கள்ளாட்டம் என்று சங்கம் தடுத்துவிட்டது. இரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் நாற்காலியில் சிலையாக இருந்தார் மனுஷன்.

சங்கத்தார் சும்மா இருப்பார்களா? எதிரே சேக் பரீது டீக்கடையில் சீனி போடாத டீ குடிப்பதும், திரும்பி வந்து தலைவர் கையைப் பிடித்துத் தைரியம் சொல்வதுமாக இருந்தார்கள். "அண்ணே, கலங்காதீக!" என்று ஆனந்த்ராஜ் அந்தக் கையை விடவேயில்லை. மனைவியின் மானத்துக்காகத்தான் இந்தப் பாடு என்று செல்விக்குக் கண் கலங்கியது.

நேரம் ஆனது. முத்துக்கிருஷ்ணனின் மனைவி ஒச்சம்மாள் அவர் விரலில் ஊசியைக் குத்தினாள். மீட்டர் 391 என்றது.

"ஆத்தாடி!" என்றாள் ஒச்சம்மாள்.

அடுப்பு போயிற்று என்று செல்வி டப்பாவை மூடினாள். முத்துக்கிருஷ்ணனோ வழக்கம்போல ரத்தம் நிற்க விரலை வாயில் வைத்துச் சப்பினார். அவர் முகம் வெளிறிப்போனது.

"ஏலே... என் ரத்தம் இனிக்குதுடா!"

மரத்தடியே அலறியது. ஒருவர் ஆம்புலன்ஸ் என்றார். இன்னொருவர், வாழ்நாளெல்லாம் சேர்ந்த சர்க்கரை இன்றைக்குத்தான் வெளியே வருகிறது என்றார். இன்னும் செத்த நேரம் விட்டிருந்தால் அவருக்கு மாலை போட்டிருப்பார்கள்.

செல்வி மட்டும் அந்த விரலையே பார்த்தாள். ரத்தம் இப்படி இனிக்குமா என்ன? கிட்டப்போய்த் தொட்டாள். பிசுபிசுவென்று ஒட்டியது.

"அக்கா, அண்ணன் கையச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைங்க. அடுத்த விரல்ல குத்துங்க."

கழுவினார்கள், துடைத்தார்கள், குத்தினார்கள். 152.

"அப்ப ரத்தத்துல இல்ல, தோலுலதான் சீனி," என்றாள் செல்வி. "இவரு அசையவே இல்லையே, எங்கிட்டுருந்துக்கா வந்துச்சு?"

ஒச்சம்மாள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "எல்லாரும் கையக் காட்டுங்க."

அடேயப்பா! அத்தனை ஆம்பிளைகளின் கையும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போனது. டீக்கடைக்குள்ளிருந்து சேக் பரீது பாவம்போல எட்டிப் பார்த்தார். அவர் முன்னால் ஜிலேபித் தட்டு காலியாகக் கிடந்தது. சீனி போடாத டீக்கு அதுதான் துணை போலிருக்கிறது.

செல்வி மெல்லத் திரும்பினாள். ஆனந்த்ராஜின் கையும் பின்னால்தான் இருந்தது.

"காட்டுங்க."

காட்டினார். பாகு மணிக்கட்டு வரை வழிந்து காய்ந்திருந்தது.

"எம்புட்டு நாளா?"

"மூணு மாசந்தான்..."

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்கு அடியிலேயே, தன் கையில் தப்பில்லை என்கிற நிம்மதியும் இருந்தது. "பாவி மனுஷா! மாவைக் குத்தம் சொல்லி மூணு மாசமா நான் தூங்கலயே!"

"உன் லட்டு நல்லாத்தான் இருக்கு செல்வி," என்றார் அவர் தலையைக் குனிந்தபடி. "ஆனா நீ நல்லதுன்னு சொல்லிக் குடுப்ப, நானும் உடம்புக்கு நல்லதுன்னு நெனச்சே திங்கணும். ஜிலேபின்னா பேசாம தின்னுட்டு வந்துரலாம்."

ஒச்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "இவுககிட்ட என்ன கேக்குறது? தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் நீயே போடும்மா. ஆளுக்கு ஒண்ணுதான்னு எழுதி ஒட்டிரு, இல்லாட்டி சீனியில்லன்னு டப்பாவையே முழுங்கிருவாக. ஆமா, அடுப்பை விக்கப்போறேன்னு சொன்னியே?"

செல்வி புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுப்பு இருக்கட்டும்க்கா. வேணும்னா இவரை எடுத்துக்கங்க."