ஊரை மறந்த உடம்பு

வெளிநாடு போகிறவர்களுக்கு ஊசி போடும் கிளினிக்கில், பிறந்த நாட்டுக்கு ஒரு நடை போய்வரத் தங்கையோடு வந்திருந்த அண்ணன் டாக்டருக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தான். லாரி ஓட்டுகிறவன்தான், ஆனால் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

"அந்த ஆத்துத் தண்ணியக் குடிச்சு வளர்ந்த உடம்பு டாக்டர் இது. மலேரியா எங்க வீட்டு விருந்தாளி, வருஷா வருஷம் வந்துட்டுப் போகும்."

"ஊரை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆச்சே, அந்த எதிர்ப்புச் சக்தியெல்லாம் போயிருக்கும். புதுசா போறவங்க மாதிரிதான் நீங்களும்," என்றார் டாக்டரம்மா.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படப் பத்து நாளாவது இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும். மலேரியா மாத்திரையைப் போகுமுன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் சொன்ன காலம்வரை விழுங்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்தான், ஐஸ் கூடாது. பழமென்றால் நம் கையால் தோலுரித்தது என்று அடுக்கினார்.

"தோலுரிக்கவா? நாங்க கிளையிலேயே கடிச்சுத் தின்னவங்க!"

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவை அந்த மண்ணில் புதைத்துவிட்டு, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய பிள்ளைகள் அவர்கள். ஒரு தடவையாவது அம்மாவின் தலைமாட்டில் போய் நிற்க வேண்டும் என்று அண்ணன் சொல்லாத வருடமில்லை. இப்போதுதான் டிக்கெட் வரை வந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கும் வாய் திறந்துகொண்டது.

"இவன் மரத்துலேர்ந்து விழுந்த கதையைக் கேளுங்க டாக்டர். பழம் கைல, இவன் தரைல! வயித்துக்குள்ள ரத்தம்னு ஆஸ்பத்திரில மண்ணீரலையே எடுத்துட்டாங்க. கண் முழிச்சதும், பழம் எங்கேன்னு கேட்டான்!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஆபரேஷன் எதுவும் இல்லேன்னு சொன்னீங்களே?"

"அது சின்னப் பிள்ளைல நடந்தது," என்றான் அண்ணன்.

மண்ணீரல் இல்லாத உடம்பில் மலேரியா மளமளவென்று முற்றிவிடும் என்று டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். மாத்திரை போட்டாலும் நூற்றுக்கு நூறு பாதுகாப்பு இல்லை. "தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா போக வேண்டாம்னுதான் சொல்வேன். நிமோனியா ஊசியெல்லாம் இங்கே இருக்கறதுக்கே உங்களுக்கு வேணும்."

தன் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது தங்கைக்கு. சொல்லாமல் இருந்திருந்தால் போயிருப்பான். போனவன் திரும்பி வராமலே இருந்திருக்கவும் கூடும்.

"நீ போகலேன்னா நானும் போகல அண்ணே. டிக்கெட்டை ரத்து பண்ணிடலாம்."

அண்ணன் தங்கையின் சட்டைக் கையை, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுபோல், தானே மடித்துவிட்டான்.

"ரெண்டு பேரும் போகலேன்னா, அம்மாவப் பார்க்க யாரும்மா இருக்கா?" என்றான். ஊசியோடு வந்த நர்ஸிடம் திரும்பி, "மொதல்ல இவளுக்குப் போடுங்க. எனக்கு இங்கேயே இருக்கறதுக்கான ஊசி போதும்," என்றான்.