மூன்று பேர், இருபத்தைந்து நிமிடம்

நான் எழுதிய கடிதத்தைப் பெர்சி பாதி படித்ததுமே சிரித்துவிட்டாள்.

"ஹம்சவேணி, இது என்ன, பட்டா மாத்தச் சொல்லி மனுவா?"

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடமாகத் தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காகக் குப்பை கொட்டுகிறேன். 'மேலான சமூகத்திற்கு', 'கருணை கூர்ந்து' என்றெல்லாம் போடாவிட்டால் எனக்குக் கடிதம் எழுதின மாதிரியே இருக்காது. பெர்சி மிஷன் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே பூப்பந்து அணி. அவள் இன்னும் மைதானத்தில் நிற்கிறாள், நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். மாவட்டக் கழகம் வருடா வருடம் ஆண்களுக்குப் பூப்பந்துப் போட்டி நடத்தும். பெண்கள் ஆட்டம் அதற்கு ஒரு ஒட்டுத் தையல். ஆண்கள் சாப்பிடப் போகும் நேரத்தில், உச்சி வெயிலில் எங்கள் இறுதி ஆட்டம் நடக்கும். இந்த 2001-ல் பெண்களுக்கென்று தனிப் போட்டி வைக்கவேண்டும் என்று பெர்சி கழகக் கூட்டத்தில் சண்டை போட்டாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஸ்பான்சர் பிடிச்சுட்டு வாங்க, வச்சுக்கலாம்" என்று தலைவர் ஜனகராஜ் அண்ணன் சொல்லிவிட்டார். எங்களால் முடியாது என்ற தைரியத்தில் சொன்னதுதான்.

பெர்சி கண்டுபிடித்த ஆள் நல்லகாமன். திருமங்கலம் ரோட்டில் பம்ப்செட் கம்பெனி வைத்திருப்பவர்.

"முதல் லெட்டர்லயே பணம் கேட்டா குப்பைக்குத்தான் போகும். நாம கேக்கப்போறது நேரம் மட்டும்" என்றாள். என் பேனாவைப் பிடுங்கி அவளே எழுதினாள். ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. இருபத்தைந்து நிமிடம் போதும். அந்த நாள் தோதுப்படாவிட்டால் வெள்ளிக்கிழமை இதே நேரம். வருபவர்கள் மூன்று பேர்: அமைப்பாளர் பெர்சி, இணைச் செயலாளர் ஹம்சவேணி, அணித் தலைவி ஜெயக்கொடி. போட்டித் திட்டத்தையும் மைதான வரைபடத்தில் விளம்பரப் பலகை வைக்கும் இடங்களையும் பெர்சி விளக்குவாள், பத்து நிமிடம். எந்தெந்த ஊர் அணிகள் வருகின்றன என்ற பட்டியலோடு நான் ஐந்து நிமிடம். ஆட்டக்காரிகள் சார்பில் ஜெயக்கொடி ஐந்து நிமிடம். மிச்சம் ஐந்து நிமிடம் அவர் கேள்வி கேட்க. கீழே பள்ளிக்கூடப் போன் நம்பர். ஒரு 'கருணை' கூட இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் போன் செய்தோம். "வியாழன் அஞ்சு மணி, மூணு பேரு. ஐயா வரச் சொன்னாரு" என்றார் மேனேஜர். பள்ளிக்கூட ஆபீசிலேயே நான் குதித்துவிட்டேன்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டுப் போனால், கம்பெனி வாசலில் ஜனகராஜ் அண்ணன் வெள்ளைச் சட்டையும் கையில் எலுமிச்சம்பழமுமாக நிற்கிறார். யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள்.

"மூணு பேராவா நல்ல காரியத்துக்குப் போவாக? உருப்படுமா? அதான் நாலாவது ஆளா நான் வாரேன்."

"லெட்டர்ல மூணு பேருன்னு போட்டிருக்கோம்ணே" என்றாள் பெர்சி.

"லெட்டர எவன் பாக்கப் போறான் தங்கச்சி?" என்று படியேறிவிட்டார்.

நல்லகாமன் பார்த்திருந்தார். எங்கள் கடிதம் அவர் மேஜை மேல் இருந்தது, சிவப்பு மையில் அங்கங்கே அடிக்கோடு. எதிரே எண்ணி மூன்று நாற்காலி. அண்ணன் முதல் ஆளாக உட்கார்ந்து பழத்தை நீட்டினார். ஜெயக்கொடி கதவோரம் நின்றுகொண்டாள். அவளுக்கு இருபது வயது, டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பெண், பெர்சியிடம் ஆட்டம் பழகியவள்.

பெர்சி வரைபடத்தை விரித்து வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "ஐயா, பொம்பளப் புள்ளைக ஆட்டத்துக்கு எம்புட்டுக் கூட்டம் வந்துரும்? உங்க போர்டு ஆம்பளைக போட்டியில நின்னாத்தான் நாலு பேரு பாப்பாக. நம்ம அதையே பேசுவோம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. துணைக்கு வந்த ஆள் எங்கள் காலையே வாரிவிடுகிறார்! பெர்சியின் முகம் வெளுத்துப்போனது. கழகத் தலைவரை எதிர்த்து வெளி ஆள் முன்னால் என்ன பேசுவது?

நல்லகாமன் கடிதத்தைக் கையில் எடுத்தார். "இதுல ஜெயக்கொடி யாரு?"

"நான்தாங்கய்யா" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"உனக்கு அஞ்சு நிமிஷம் போட்டிருக்கே, நீ ஏம்மா நிக்கிற?" என்றவர், அண்ணன் பக்கம் திரும்பினார். "தலைவரே, தப்பா நினைக்காதீக. இந்த லெட்டர்ல உங்க பேரும் இல்ல, ஆம்பளைக போட்டியும் இல்ல. இதப் படிச்சுட்டுத்தான் நான் நேரம் ஒதுக்குனேன். நீங்க தனியா ஒண்ணு எழுதிப் போடுங்க, அதுக்கும் உக்காந்து பேசுவோம். இப்ப வெளிய சோபாவுல ஒரு காப்பி சாப்பிடுங்க."

அண்ணன் எழுந்து போனார். பாவமாகக்கூட இருந்தது, ஆனால் ரொம்ப இல்லை.

பெர்சி கடகடவென்று திட்டத்தைச் சொன்னாள். நான் ஊர்ப் பட்டியலை வைத்தேன். பதினான்கு அணி, அதில் ஒன்பது கிணற்றுப் பாசன ஊர்கள். அந்த ஆட்டக்காரிகளின் அப்பன், சித்தப்பன் எல்லாரும் மோட்டார் வாங்குகிறவர்கள் என்றேன். நல்லகாமன் பட்டியலை இரண்டு தரம் படித்தார்.

ஜெயக்கொடிக்கு நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் அதை அப்படியே மறந்துவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, போன வருசம் எங்க பைனல் பன்னெண்டு மணிக்கு வச்சாக" என்றாள் கடைசியில். "தரை சுட்டுச்சு. பாக்குறதுக்கு அம்பயரும் டீ விக்கிற அண்ணனும்தான் இருந்தாக. எங்கப்பா காட்டு வேல முடிச்சு வர அஞ்சு மணி ஆயிரும். எட்டு வருசமா ஆடுறேன், அவரு ஒரு தடவகூட வந்து பாத்ததில்ல. சாயங்காலம் வச்சா வருவாரு. அம்புட்டுதாங்கய்யா."

ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் எழுதிக் கொடுத்தது இல்லை.

நல்லகாமன் பெர்சியின் போட்டித் திட்டத்தை இழுத்து, இறுதி ஆட்டத்தின் நேரத்தை அடித்து, ஏழு மணி என்று எழுதினார். "செலவ நான் ஏத்துக்கிறேன். லைட்டும் ஜெனரேட்டரும் எங்க ஆளுக கொண்டாருவாக. நேரத்த மட்டும் யாரும் மாத்தக்கூடாது."

"நாங்க லைட்டு வெளிச்சத்துல ஆடுனதே இல்லீங்களே!" என்றாள் ஜெயக்கொடி.

"அப்ப ஒரு வாரம் முந்தியே போட்டுருவோம். பழகிக்கங்க."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். அவர் சொன்னதை எல்லாம் எழுதி மறுநாளே அனுப்பவேண்டும் என்று பெர்சி சொல்லிக்கொண்டே வந்தாள். ஜெயக்கொடி காதில் எதுவும் விழவில்லை. எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் ஓடி, ஊரில் மளிகைக் கடைக்குப் போன் போட்டாள். அப்பாவைக் கூட்டி வரச் சொல்லிவிட்டு, மீட்டரைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"எப்பா, செப்டம்பர் இருபத்திரெண்டு, ராத்திரி ஏழு மணிக்கு மதுரைக்கு வந்துருங்க. பைனல். ஆமாப்பா, நான்தான் ஆடப்போறேன்."

"அடியே, முதல்ல பைனலுக்குப் போகணும்" என்றாள் பெர்சி.

ஜெயக்கொடி போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அதான் அப்பா வாராருல்ல டீச்சர், போகாம இருப்பேனா?"